மார்னிங் ஸ்டார் 78 சதவீதம் பலிக்கும் என்றார்கள்: புளியங்கொட்டை வைத்துக் கணக்குப் பார்த்தோம்

2021 கடைசியில் ஒரு தனியார் வங்கிப் பங்கில் எனக்கு 4,800 ரூபாய் நஷ்டம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த ஒரு டிரேடில்தான் விலை திசை திரும்புவதைக் காட்டுவதாகச் சொல்லப்படும் மார்னிங் ஸ்டார், ஈவினிங் ஸ்டார் என்ற மூன்று கேண்டில் ரிவர்சல் வடிவங்களைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்த பல விஷயங்கள் மாறின. அதனால் அந்த எண்களை முழுசாக எழுதுகிறேன்.

பங்கு ஐந்து வாரமாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் 492-இல் திறந்து 474-இல் முடிந்தது. நீளமான சிவப்புக் கேண்டில், அன்றைய உச்சம் 494. இரண்டாம் நாள் கேப்-டவுனில் 470-இல் திறந்தது, 464 வரை போனது, 471-இல் முடிந்தது. திறந்த விலைக்கும் முடிந்த விலைக்கும் நடுவில் ஒரே ரூபாய், அதாவது சின்ன உடல். அந்த உடல் முழுவதும் முதல் நாள் முடிவான 474-க்குக் கீழேயே இருந்தது. மூன்றாம் நாள் 475-இல் திறந்து 489-இல் முடிந்தது. முதல் கேண்டில் உடலின் பாதி 483, அதைத் தாண்டியாகிவிட்டது. புத்தகத்தில் இருக்கும் படம் அப்படியே என் திரையில் இருந்தது.

விடிவதற்கு முன் கிழக்கே தெரியும் வெள்ளி, நம் ஊர் வார்த்தையில் விடிவெள்ளி. நடுவில் தனியாக நிற்கும் அந்தச் சின்ன கேண்டிலுக்கு அதனால்தான் மார்னிங் ஸ்டார் என்ற பெயர். இறக்கத்தின் இருட்டு முடியப் போகிறது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை 491-இல் 150 பங்குகள் வாங்கினேன். மூன்று கேண்டில்களின் அடிமட்டம் 464. அதற்குக் கீழே போனால் தானாக விற்றுவிட 463-இல் ஸ்டாப்லாஸ் வைத்தேன். மனதில் இருந்த இலக்கு 540. அடுத்த நாள் பங்கு 496-இல் முடிந்தது. அதற்கடுத்த நாள் 499 வரை தொட்டது. அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் நேராக 459-இல் திறந்தது. 463-இல் வைத்த ஸ்டாப்லாஸ் 459-இல் விற்றது. பங்குக்கு 32 ரூபாய் போயிற்று.

அன்று சாயங்காலம் எனக்குக் கோபம் வந்தது பங்கின் மேல் இல்லை, 78 சதவீதம் என்ற எண்ணின் மேல். நான் போன வகுப்பில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மார்னிங் ஸ்டார் 78 சதவீதம் பலிக்கும், ஏற்றத்தின் முடிவைக் காட்டும் ஈவினிங் ஸ்டார் 72 சதவீதம் பலிக்கும். எண் கட்டுக்கதை இல்லை. தாமஸ் புல்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் கேண்டில் வடிவங்களை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்துச் சொன்னது அது. வகுப்பில் யாரும் சொல்லாதது, 'பலித்தது' என்று அவர் எதைக் கணக்கில் எடுத்தார் என்பது. மூன்று கேண்டில்களின் உச்சத்துக்கு மேல் விலை முதலில் முடிந்தால் ரிவர்சல். அடிமட்டத்துக்குக் கீழ் முதலில் முடிந்தால் ரிவர்சல் இல்லை. அவ்வளவுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலில் என் டிரேடை வைத்துப் பாருங்கள். உச்சம் 494. பங்கு 496-இல் முடிந்தது. ஆகவே என் மார்னிங் ஸ்டார் பலித்த பட்டியலில் சேரும். எனக்கு நஷ்டம் தந்த டிரேட், புள்ளிவிவரத்தில் வெற்றி!

இதை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். பங்குச்சந்தை பக்கமே போகாதவர். சார்ட்டைப் பார்க்காமல் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, நீ வாங்கலாம்னு முடிவு பண்றப்போ விலை எங்க இருந்துச்சு? மேல் கோட்டுக்கு எவ்வளவு தூரம், கீழ் கோட்டுக்கு எவ்வளவு தூரம்?”

“489-ல முடிஞ்சுது சார். மேல 494. கீழ 464.”

“அப்போ மேல அஞ்சு, கீழ இருபத்தஞ்சு.”

பழைய நாளிதழ் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தில் ஏணி மாதிரி ஏழு கோடுகள் போட்டார். ஒவ்வொரு இடைவெளியும் ஐந்து ரூபாய். அடிக்கோடு 464, மேல் கோடு 494. மேலிருந்து இரண்டாவது கோட்டில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். அதுதான் 489. என்னை இரண்டு ரூபாய் நாணயத்தைச் சுண்டச் சொன்னார். தலை விழுந்தால் கொட்டை ஒரு படி மேலே, பூ விழுந்தால் ஒரு படி கீழே. எந்தக் கோட்டை முதலில் தொடுகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு.

பன்னிரண்டு முறை விளையாடினோம். பத்து முறை கொட்டை மேல் கோட்டைத் தொட்டது. பல முறை முதல் சுண்டலிலேயே முடிந்துவிட்டது. வாத்தியார் ஆச்சரியப்படவே இல்லை. மொத்தம் முப்பது ரூபாய் தூரத்தில் கீழ்க்கோடு இருபத்தைந்து தள்ளி இருக்கிறது, ஆகவே மேல் கோட்டை முதலில் தொடும் வாய்ப்பு முப்பதுக்கு இருபத்தைந்து, அதாவது 83 சதவீதம் என்றார். நாணயத்துக்கு விடிவெள்ளியும் தெரியாது, டிரெண்டும் தெரியாது. ஆனாலும் 83.

நான் அன்றைக்குப் படித்துக்கொண்ட விஷயம் இதுதான். மார்னிங் ஸ்டாரின் இலக்கணமே மூன்றாவது கேண்டில் ஏறி, மேலே முடிய வேண்டும் என்பது. அப்படி முடிந்தாலே விலை உச்சத்துக்குப் பக்கத்தில், அடிமட்டத்துக்குத் தூரத்தில் நிற்கும். பிறகு 'எதை முதலில் தொடும்' என்று கேட்டால் உச்சம் என்ற பதில்தான் அதிகம் வரும். அந்த 78-இல் பெரும்பகுதி வடிவத்தின் அறிவு இல்லை. விலை நிற்கும் இடத்தின் தூரக் கணக்கு. ஈவினிங் ஸ்டாரிலும் இதே கதைதான், தலைகீழாக.

பணத்தில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. 489-இல் வாங்கி 494-இல் விற்றால் லாபம் 5 ரூபாய், ஆறில் ஐந்து முறை. 464-இல் வெட்டினால் நஷ்டம் 25 ரூபாய், ஆறில் ஒரு முறை. ஆறு டிரேடுக்கு லாபம் 25, நஷ்டம் 25. கையில் மிஞ்சுவது பூஜ்யம். தரகும் வரியும் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே. நான் வாங்கியதோ 491-இல். மேலே மூன்று ரூபாய், என் ஸ்டாப்லாஸுக்கு இருபத்தெட்டு ரூபாய்.

540-ஐ இலக்காக வைத்தேனே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் அப்போது 78 என்ற எண்ணை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது. அந்த எண் 494-ஐத் தாண்டுவதைப் பற்றியது. 540-ஐத் தொடுவதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. பக்கத்து இலக்கின் வெற்றி விகிதத்தைத் தூரத்து இலக்குக்கு ஒட்டவைத்துக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

வாத்தியாரின் கணக்கை ஒரு வரியில் எழுதலாம். C மூன்றாம் நாள் முடிவு, H மூன்று நாளின் உச்சம், L மூன்று நாளின் அடிமட்டம்:

```
p = (C - L) / (H - L)
```

மார்னிங் ஸ்டாருக்கு இந்த p-தான் நாணயம் தரும் வாய்ப்பு. ஈவினிங் ஸ்டாருக்கு 1 - p. நிஜ விலை சமமான படிகளில் நகராது, கேப் விழும், சந்தைக்கு ஒரு பொதுவான போக்கும் உண்டு. ஆகவே இது துல்லியமான எண் இல்லை. ஆனால் யாராவது ஒரு வெற்றி விகிதத்தைச் சொன்னால், எதோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு இது போதும்.

இதற்கப்புறம் வகுப்பில் காட்டிய இன்னொரு படத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2020 மார்ச் நிஃப்டி சார்ட். கொரோனா வீழ்ச்சியின் அடிமட்டத்தில் உருவான மார்னிங் ஸ்டார் என்று சொல்லிக் காட்டினார்கள். மார்ச் 23, 24, 25 ஆகிய மூன்று நாட்கள். 23-ஆம் தேதி நிஃப்டி 7,945-இல் திறந்து 7,610-இல் முடிந்தது. 24-ஆம் தேதி 7,848-இல் திறந்து 7,801-இல் முடிந்தது. 25-ஆம் தேதி 8,317-க்கு ஏறி முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகான விடிவெள்ளி. பெரிய சிவப்பு, சின்ன உடல், பெரிய பச்சை. அதற்குப் பிறகு சந்தை அந்த அடிமட்டத்துக்குத் திரும்பவே இல்லை.

ஆனால் எண்களைப் பாருங்கள். நடுக் கேண்டில் முதல் நாள் முடிவுக்கு 238 புள்ளி மேலே திறந்தது. அதன் உடல் முழுவதும் முதல் கேண்டில் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விடிவெள்ளிக்கு நடு உடல் கீழே கேப் விட்டுத் தனியாகத் தொங்க வேண்டும். இலக்கணப்படி அது மார்னிங் ஸ்டாரே இல்லை.

சரி, நடு உடல் கீழே கேப் விட்டுத் தொங்கும் ஒன்று அந்த மாதத்தில் இருந்ததா என்று பின்னால் தேடினேன். இருந்தது. சரியாக அதற்கு முந்தைய மூன்று நாட்கள். மார்ச் 18-ஆம் தேதி நிஃப்டி 9,088-இல் திறந்து 8,468-இல் முடிந்தது. 19-ஆம் தேதி 8,063-க்குக் கேப்-டவுன், 8,263-இல் முடிவு. உடல் முழுவதும் 8,468-க்குக் கீழே தொங்குகிறது. 20-ஆம் தேதி 8,284-இல் திறந்து 8,745-இல் முடிந்தது. முதல் உடலின் பாதி 8,778. அதைத் தொட 33 புள்ளிதான் குறைவு. வடிவங்களைத் தானாகத் தேடும் ஸ்கேனர்களில் அதிகம் பயன்படும் டிஏ-லிப் மென்பொருளில் `CDLMORNINGSTAR` என்ற கட்டளையின் இயல்பு அமைப்பு `penetration=0.3`. அதாவது முதல் உடலுக்குள் 30 சதவீதம் ஏறினாலே போதும். அந்தக் கோடு 8,654. தாராளமாகத் தாண்டியாகிவிட்டது.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு. திங்கட்கிழமை நிஃப்டி 800 புள்ளி கீழே திறந்து, 10 சதவீத லோயர் சர்க்யூட்டில் வர்த்தகமே நின்று, மீண்டும் தொடங்கி 7,610-இல் முடிந்தது. ஒரே நாளில் 1,135 புள்ளி. வெள்ளிக்கிழமை உருவான விடிவெள்ளியின் அடிமட்டம் 7,832. அடுத்த கேண்டிலே அதற்குக் கீழே முடிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமையின் p எவ்வளவு என்று போட்டேன். உச்சம் 9,127, அடிமட்டம் 7,832, முடிவு 8,745. சுமார் 70 சதவீதம். நாணயமே 70 சொல்லும் இடம். விழுந்தது மீதி 30. அப்போது நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் ஒரு லாட் 75. வெள்ளி மாலை 8,745 அருகில் வாங்கி 7,832-இல் வெட்டியவருக்கு ஒரு லாட்டுக்குச் சுமார் 68,000 ரூபாய் போயிருக்கும்.

வகுப்பில் ஏன் 23-24-25 படத்தைக் காட்டினார்கள் என்பது எனக்கு இப்போது புரிகிறது. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள். அடிமட்டம் எங்கே என்று தெரிந்தபின் சார்ட்டைப் பார்த்தால், அங்கே இருக்கும் மூன்று கேண்டில்களை விடிவெள்ளியாகப் பார்க்கக் கண் தானாகவே இலக்கணத்தைத் தளர்த்திக்கொள்ளும். தோற்றுப்போன 18-19-20 மேல் கண் நிற்பதே இல்லை. அதனால் நான் இப்போது ஒரு வடிவத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் நான்கு விலையையும் கையால் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் கேப் இருக்கிறதா, பாதியைத் தாண்டியதா என்பதில் கண் ஏமாறாது.

ஐந்து நிமிட சார்ட்டில் இந்தத் தளர்த்தல் இன்னும் அதிகம். ஒரு கேண்டில் முடிந்த விலையிலேயே அடுத்தது தொடங்குகிறது, கேப் என்பதே அரிது. அங்கே மார்னிங் ஸ்டார் என்று காட்டப்படுவதில் பெரும்பாலானவை இறங்கி, நின்று, ஏறிய மூன்று கேண்டில்கள் மட்டுமே. தினசரி சார்ட்டில் அந்தக் கேப்புக்கு ஓர் அர்த்தம் உண்டு. முந்தைய நாள் பயந்தவர்கள் இரவு முழுக்க யோசித்து, காலையில் இன்னும் கீழே விற்கத் தயாராக வந்தார்கள். ஆனாலும் விலை அதற்கு மேல் இறங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அந்த இரவு இல்லை. நான் தினசரி சார்ட்டை விட்டு வேறெங்கும் இந்த வடிவத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்த்தேன். 1998-இல் காகினால்ப், லாரன்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குகளில் 1992 முதல் 1996 வரை மூன்று நாள் வடிவங்களைச் சோதித்து, அவற்றுக்கு முன்கூட்டிச் சொல்லும் திறன் இருக்கிறது என்றது. 2006-இல் மார்ஷலும் அவருடைய கூட்டாளிகளும் டவ் ஜோன்ஸ் பங்குகளை 1992 முதல் 2002 வரை சோதித்து, கேண்டில் முறைகளால் பயன் இல்லை என்றார்கள். ஒரே நாடு, பெரிய கம்பெனிகள், பாதிக் காலமும் ஒன்றேதான். ஆனாலும் முடிவு எதிரெதிர். சோதிக்கும் விதிகளை மாற்றினாலே போய்விடக்கூடிய அளவுக்குத்தான் இதில் பலன் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஒன்றின் மேல் பெரிய தொகையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஈவினிங் ஸ்டார் பற்றித் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சார்ட்டில் அது மார்னிங் ஸ்டாரின் கண்ணாடிப் பிம்பம். ஆனால் நம் கையில் அது அப்படி இல்லை. கேஷ் மார்க்கெட்டில் கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே திரும்ப வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போய் அபராதத்தோடு முடியும். நான் இதை யோசிக்காமல் ஒரு தடவை ஈவினிங் ஸ்டார் உருவான மறுநாள் காலையில் இன்ட்ராடேயில் விற்றேன். அன்று பங்கு கொஞ்சம் ஏறியது. மாலை மூன்றே காலுக்கு மேல் தரகர் மென்பொருள் தானாக வாங்கி முடித்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் பங்கு நன்றாக விழுந்தது. நான் பார்த்தது நாள்கணக்கில் வேலை செய்யும் வடிவம். என் டிரேடுக்கு இருந்த ஆயுள் ஆறு மணி நேரம். இரவைத் தாண்டி விற்பனை நிலையை வைத்திருக்க ஃப்யூச்சர்ஸோ புட் ஆப்ஷனோ வேண்டும். அவை எல்லாப் பங்குக்கும் கிடையாது, அவற்றின் லாட் அளவு என்னைப் போன்றவர்களுக்குப் பெரியது. அதனால் எனக்கு ஈவினிங் ஸ்டார் ஒரே ஒரு வேலைக்குத்தான்: ஏற்கெனவே லாபத்தில் இருக்கும் பங்கின் ஸ்டாப்லாஸை மூன்றாவது கேண்டிலின் அடிமட்டத்துக்குக் கீழே உயர்த்தி வைப்பது. பார்த்த உடனே விற்பதில்லை. அந்த அடிமட்டம் உடைந்தால் தானாக விற்கட்டும்.

மார்னிங் ஸ்டாரை இன்னும் பயன்படுத்துகிறேனா என்றால், ஆமாம். ஆனால் பங்கைத் தேர்ந்தெடுக்க இல்லை. எப்படியும் வாங்க நினைத்திருக்கும் பங்கு, பெரிய ஏற்றத்தின் நடுவில் சில வாரம் இறங்கி வந்திருக்கும்போது இந்த வடிவம் தெரிந்தால், எந்த விலைக்குக் கீழே என் எண்ணம் தவறு என்பதைக் காட்டும் கோடாக அதன் அடிமட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். எத்தனை பங்கு வாங்குவது என்பதும் அந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு டிரேடில் 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அந்த வங்கிப் பங்கில் நுழைவுக்கும் ஸ்டாப்லாஸுக்கும் 28 ரூபாய் இடைவெளி. 2,000-ஐ 28-ஆல் வகுத்தால் 71 பங்கு. நான் வாங்கியது 150. கேப்-டவுனில் 459-இல் விற்றிருந்தாலும் 71 பங்குக்கு 2,272 ரூபாயோடு முடிந்திருக்கும்.

மூன்றாவது கேண்டில் நீளமாக இருந்தால் துரத்திப் போய் வாங்காமல், அதன் உடலின் பாதிக்கு விலை இறங்கி வரட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. அந்தப் பங்கில் அது 482. ஆனால் இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 482-இல் வாங்கினால் மேலே 12, கீழே 18. நஷ்டம் சிறியதாகிறது, ஆனால் நாணயக் கணக்கில் வாய்ப்பும் 83-இலிருந்து 60-க்கு இறங்கிவிடுகிறது. பல சமயம் விலை இறங்கி வராமலே ஏறிப் போய்விடும். காத்திருப்பதால் லாபம் தானாக முளைப்பதில்லை. தவறானால் குறைவாக இழக்கிறேன், அவ்வளவுதான்.

வாத்தியார் சொன்னபடி என் டிரேட் நோட்டில் இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு வடிவமும் உருவான அன்றே முதல் பத்தியில் அதன் p-யை எழுதுவேன். இரண்டாவது பத்தியில், உச்சத்துக்கு மேல் முதலில் முடிந்தால் 1, அடிமட்டத்துக்குக் கீழ் முதலில் முடிந்தால் 0. வாங்காத வடிவங்களையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். முதல் பத்தியின் கூட்டல், நாணயமே எத்தனை முறை ஜெயித்திருக்கும் என்பது. இரண்டாவது பத்தியின் கூட்டல், வடிவம் எத்தனை முறை ஜெயித்தது என்பது. ஜெயித்ததை மட்டும் எண்ணினால் நோட்டு எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். இந்த இரண்டு கூட்டலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் நோட்டில் இரண்டும் இதுவரை பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. பக்கம் நிரம்பியதும் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.